‘அம்மா’ என்றால் யாருடைய அம்மா? – குடும்ப ஓ.டி.டி. கணக்கில் பெயர் வைப்பது பற்றி

டிவியில் ஓ.டி.டி. செயலியைத் திறந்ததும் முதலில் வரும் கேள்வி `Who's watching?`. கேள்விக்குக் கீழே வட்டமாகவோ சதுரமாகவோ நாலைந்து படங்கள், ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு பெயர். இந்தத் திரையை யாரும் விமர்சித்து எழுதி நான் பார்த்ததில்லை. இரண்டு விநாடியில் கடந்துபோகும் திரைதானே என்று விட்டுவிடுகிறோம். ஆனால் கூட்டுக் குடும்பம் இருக்கும் ஒரு வீட்டில் ஒரு வாரம் கவனித்துப் பாருங்க. அந்த இரண்டு விநாடியில்தான் பாட்டியின் பட்டியலில் கார்ட்டூன் நுழைகிறது, ஐந்து வயதுப் பையன் பெரியவங்க படத்துக்குள் போகிறான், விருந்துக்கு வந்தவர் யாரோ பாதி பார்த்து வைத்த சீரியலின் கடைசி அத்தியாயத்தை ஓட்டிவிட்டுப் போகிறார்.

காரணம் தொழில்நுட்பக் கோளாறு இல்லை. படத்துக்கு அடியில் இருக்கும் அந்தச் சின்னப் பெயர்தான். அதை யார் வைத்தது, யார் வாயால் கூப்பிடுவதுபோல வைத்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

கொஞ்சம் வரலாறு

ப்ரொஃபைல் என்பது ஸ்ட்ரீமிங்குக்கு முன்னாலேயே இருந்த ஏற்பாடு. நெட்ஃபிளிக்ஸ் அமெரிக்காவில் டி.வி.டி.யைத் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில், ஒரே கணக்குக்குள் கணவனுக்கு ஒரு வரிசை, மனைவிக்கு ஒரு வரிசை, பிள்ளைகளுக்கு ஒரு வரிசை என்று பிரித்துக்கொள்ள வழி இருந்தது. 2008 ஜூனில் அந்த நிறுவனம் இந்த வசதியை எடுத்துவிடப் போவதாக அறிவித்தது. செப்டம்பர் 1 முதல் இருக்காது என்றார்கள். வாடிக்கையாளர்கள் கொதித்துப்போய் எழுதித் தள்ளினார்கள். அந்த மாதம் முடிவதற்குள் நிறுவனம் முடிவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஸ்ட்ரீமிங்கில் ப்ரொஃபைல் வந்தது 2013 ஆகஸ்டில். ஒரு கணக்குக்கு ஐந்து என்று எல்லை. அமேசான் பிரைம் வீடியோவில் ஆறு.

2008 கதையில் எனக்குப் பிடித்த விஷயம் இது. நிறுவனம் ‘இது சிக்கலான வசதி’ என்று நினைத்தது. பயன்படுத்தியவர்களுக்கோ அது வீட்டுக்குள் சண்டை வராமல் காக்கும் தடுப்புச் சுவர். ஆனால் அந்த வீடும் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளை என்கிற அளவு வீடுதான். ஐந்து இடம் என்கிற எண்ணிக்கையிலும், ஒரு முகத்துக்கு ஒரு பெயர் என்கிற வடிவமைப்பிலும் அந்த வீட்டின் நிழல் இன்னும் இருக்கிறது.

பணம் கட்டுபவர் வைக்கும் பெயர்

வாணியம்பாடியில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டை எடுத்துக்கொள்கிறேன். தாத்தா, பாட்டி, மூத்த மகன், அவர் மனைவி, அவர்களுடைய பன்னிரண்டு வயது மகள், ஐந்து வயது மகன், ஆக ஆறு பேர் நிரந்தரம். இளைய மகன் பெங்களூரில் வேலை செய்கிறார், இன்னும் கல்யாணம் ஆகவில்லை, சனி ஞாயிறு வருவார். மகளை ஆம்பூரில் கொடுத்திருக்கிறார்கள். லீவு விட்டால் இரண்டு பிள்ளைகளோடு வந்துவிடுவார். மொத்தம் பத்து பேர். ஹாலில் ஒரே டிவி.

கணக்குக்குப் பணம் கட்டுவது இளையவர். முதலில் செட் பண்ணிக் கொடுத்ததும் அவர்தான். அவர் வைத்த ஐந்து பெயர்கள்: தன் பெயர், `Appa`, `Amma`, `Anna`, `Kids`. அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் கச்சிதம். யாருக்கும் குறை வைக்கவில்லை.

இப்போது அதே பட்டியலை அந்தப் பன்னிரண்டு வயதுப் பெண்ணின் கண்ணால் பாருங்க. `Amma` என்றால் அவளுக்கு அவள் அம்மா. சமையலறையிலிருந்து வரும் மருமகளும் அதைத் தன்னுடையது என்றே எடுத்துக்கொள்வார், ஏனென்றால் அந்த வீட்டில் நாள் முழுக்க ‘அம்மா’ என்று கூப்பிடப்படுவது அவரைத்தான். இளையவர் மனதில் இருந்ததோ பாட்டி. இப்படி ஒரே ப்ரொஃபைலுக்குள் மூன்று தலைமுறை நுழைந்தது. `Appa` கதையும் அதேதான். `Anna` என்று ஒருவரை அந்த வீட்டில் அன்றாடம் கூப்பிடுகிற ஆளே கிடையாது, கூப்பிடுகிறவர் பெங்களூரில் இருக்கிறார். அந்த ப்ரொஃபைல் காலியாகவே கிடந்தது.

யாரும் தப்பாக அழுத்தவில்லை என்பதைக் கவனிக்கணும். எல்லோரும் சரியாகத்தான் படித்தார்கள். உறவுப்பெயர் என்பது ‘நான்’, ‘இங்கே’, ‘நேற்று’ மாதிரியான சொல். சொல்பவர் யார் என்று தெரிந்தால்தான் பொருள் நிலைக்கும். திரையில் எழுதி வைத்த ‘அம்மா’வுக்குச் சொல்பவர் யாரும் இல்லை. படிக்கிற ஒவ்வொருவரும் தன்னையே சொல்பவராக வைத்துக்கொள்கிறார்கள்.

கடைக்குட்டி விதி

நம் வீடுகள் இந்தச் சிக்கலுக்கு எப்போதோ ஒரு தீர்வு கண்டுபிடித்து வைத்திருக்கின்றன. குழந்தை பிறந்ததும் வீட்டில் எல்லோருடைய பெயரும் மாறிவிடும். மனைவி தன் மாமனாரைப் பிள்ளையிடம் ‘தாத்தாவைக் கூப்பிடு’ என்பார். கொஞ்ச நாளில் கணவரே தன் அப்பாவை ‘தாத்தா சாப்பிட்டாரா?’ என்று கேட்பார். பாட்டி தன் புருஷனைக் குறிப்பிடுவதும் ‘தாத்தா’ என்றே. வீட்டில் இருக்கும் கடைசிக் குழந்தையின் வாயை எல்லோரும் கடன் வாங்கிக்கொள்கிறோம். பிள்ளையை வைத்துப் பெரியவருக்குப் பெயர் சொல்லும் வழக்கத்தை மானுடவியலில் டெக்னானிமி என்பார்கள். ஆங்கிலேய அறிஞர் இ. பி. டைலர் 1889ல் உருவாக்கிய சொல் அது. ‘இன்னாரின் அப்பா’ என்று கூப்பிடுவதைத்தான் அவர் முதன்மையாகக் குறித்தார். நாம் செய்வது அதன் நெருங்கிய சொந்தம்.

ஆக ப்ரொஃபைலுக்கு உறவுப்பெயர் வைப்பதாக இருந்தால், பணம் கட்டுபவர் கூப்பிடும் பெயர் வேண்டாம். வீட்டில் நிரந்தரமாக இருக்கும் கடைக்குட்டி கூப்பிடும் பெயர் வையுங்க. மேலே சொன்ன வீட்டில் ஐந்து வயதுப் பையன் வாயால் வைத்தால் பாட்டி ‘பாட்டி’ ஆகிறார், ‘அம்மா’ மருமகளுக்குப் போகிறது, இரண்டுக்கும் குழப்பம் இல்லை. இதே வாய்தான் அந்த வீட்டின் மற்றப் பேச்சுக்கும் அளவுகோல் என்பதால் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த விதி உடையும் இடமும் இருக்கிறது. லீவுக்கு மகள் வீட்டுப் பிள்ளைகள் வரும்போது வாய் இரண்டாகிறது. பையனுக்கு ‘அப்பா’வாக இருப்பவர் அவர்களுக்கு ‘மாமா’, ‘அம்மா’வாக இருப்பவர் ‘அத்தை’. ஆனால் தாத்தாவும் பாட்டியும் மாறுவதில்லை. தமிழில் அப்பா வழித் தாத்தாவும் அம்மா வழித் தாத்தாவும் பெரும்பாலான வீடுகளில் ஒரே சொல். உருது பேசும் வீடுகளில் இது இன்னும் நுணுக்கம். வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் அப்படிப்பட்ட குடும்பங்கள் நிறைய. அங்கே மகன் வீட்டுப் பேரனுக்கு அவர் ‘தாதா’, மகள் வீட்டுப் பேரனுக்கு ‘நானா’. பெரியவருடைய பெயரே வந்த பிள்ளையைப் பொறுத்து மாறும். அந்த வீடுகளில் உறவுப்பெயர் வைத்தால் நிரந்தரமாக இருக்கும் பிள்ளையின் சொல்லையே வைக்கணும். வந்த பிள்ளைகளுக்கு வேறு வழி செய்யணும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

அப்போ சொந்தப் பெயரே வைக்கலாமே?

வைக்கலாம், பிள்ளைகளுக்கு. பெரியவர்களுக்கு அது ஓடாது. முதல் காரணம் மரியாதை. மாமனார் பெயரை வாய்விட்டுச் சொல்லாத மருமகள்கள் இன்னும் இருக்கிறார்கள். ப்ரொஃபைல் பெயர் கண்ணுக்கு மட்டும் அல்ல, வாய்க்கும் வேணும். அடுப்படியில் இருந்துகொண்டு ‘டேய், தாத்தாதுல போகாதே, உன்னோடதுல போ’ என்று கத்த முடியணும். போனில் பெங்களூரிலிருந்து ‘பாட்டியைத் திறங்க, ரெண்டாவது வரிசைக்கு வாங்க’ என்று வழி சொல்ல முடியணும். வாயால் சொல்ல முடியாத பெயர் அந்த வீட்டில் பயன்படாத பெயர்.

இரண்டாவது காரணம், தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம். சான்றிதழில் இரண்டு பேருக்கும் ஒரே பெயர், இனிஷியல்தான் வேறு. திரையில் அது யாருக்கும் உதவாது. இப்படிப்பட்ட வீட்டில் பேரனுக்கு ஏற்கெனவே ஒரு செல்லப்பெயர் புழக்கத்தில் இருக்கும். பெரியவர் பெயரைச் சொல்லிப் பிள்ளையைத் திட்ட முடியாதே! அந்தச் செல்லப்பெயர்தான் ப்ரொஃபைலுக்கு உரியது.

பாட்டியும் பாப்பாவும்

இனி கண்ணுக்கு வருவோம். ‘பாட்டி’, ‘பாப்பா’ என்று இரண்டு ப்ரொஃபைல் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்க. இரண்டும் மூன்றெழுத்து. இரண்டும் ‘பா’வில் ஆரம்பம். நடுவில் ஒரு புள்ளி. எட்டடி தூரத்தில் சோபாவில், கண்புரையோடு உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டும் ஒரே உருவம். நாம் எழுத்துக்கூட்டிப் படிப்பதில்லை, சொல்லின் தொடக்கத்தையும் நீளத்தையும் பார்த்து ஊகிக்கிறோம். இங்கே இரண்டுமே ஒன்று.

மருந்துக் கடைக்காரர்களுக்கு இந்தப் பிரச்சினை உயிர்ப் பிரச்சினை. ப்ரெட்னிசோன், ப்ரெட்னிசோலோன் மாதிரி இரட்டைப் பிறவிப் பெயர்களில் வேறுபடும் பகுதியை மட்டும் பெரிய எழுத்தில் அச்சிடும் முறையை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2001ல் முன்வைத்தது. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது, அந்த வித்தை நமக்கு உதவாது. நம்மிடம் இருப்பது முதலெழுத்து மட்டும்தான். அதனால் ஐந்து பெயருக்கும் ஐந்து வெவ்வேறு முதலெழுத்து. எங்கள் பக்கத்தில் பாட்டியை ‘ஆயா’ என்று கூப்பிடும் வீடுகள் உண்டு. அங்கே இந்தப் பிரச்சினை தானாகவே தீர்ந்துவிடும்.

தமிழ் எழுத்தில் பெயர் வைப்பதாக இருந்தால் இன்னொரு விஷயமும் தெரிந்திருக்கணும். நமக்கு மூன்றெழுத்தாகத் தெரிவது கணினிக்கு மூன்று அல்ல.

```
>>> len("பாட்டி")
6
>>> "வேல்முருகன்"[:3]
'வேல'
```

உயிர்மெய்யின் கொம்பும் காலும் புள்ளியும் யூனிகோடில் தனித்தனிக் குறியீடு. நீளத்தை அப்படியே எண்ணி வெட்டும் ஒரு செயலி, இரண்டாவது வரியில் இருப்பதுபோல, ‘ல்’லின் புள்ளியைத் துண்டித்து ‘ல’ ஆக்கிவிடும். முதலெழுத்தை மட்டும் எடுத்து வட்டத்துக்குள் போடும் செயலி என்றால், முதல் குறியீட்டை எடுத்து ‘பாட்டி’, ‘பாப்பா’, ‘பெரியம்மா’ மூன்றுக்கும் ‘ப’ என்றே போடும். சோதித்துப் பார்ப்பது சுலபம். பெயரை வைத்ததும் போனில் பார்த்துத் திருப்தி அடையாமல் டிவி திரையில் போய்ப் பாருங்க. ஓரம் வெட்டுப்பட்டிருந்தால், புள்ளி தொலைந்திருந்தால் அங்கேதான் தெரியும். பெயர் மூன்று நாலு எழுத்தோடு நின்றால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

படிக்கத் தெரியாத குழந்தைக்குப் பெயர் எதுவானாலும் ஒன்றுதான். அது படத்தைப் பார்த்துப் போகிறது. கண் மங்கிய பெரியவரும் நிறத்தையும் இடத்தையும் பார்த்துத்தான் போகிறார். பெயரை உண்மையில் எழுத்தாகப் படிப்பவர் விருந்தாளி ஒருவர்தான். ஆகவே படம் ஒருமுறை வைத்தால் மாற்றக் கூடாது, ஐந்தும் ஐந்து நிறமாக இருக்கணும். அழகாக இருக்கிறதே என்று ஐந்து பேருக்கும் ஒரே கார்ட்டூனின் ஐந்து கதாபாத்திரங்களை வைப்பது இதற்கு நேர் எதிரான வேலை.

பத்து பேர், ஐந்து இடம்

அந்த வீட்டுக்குத் திரும்புவோம். பத்து பேருக்கு ஐந்து இடம் என்றால் ஆளுக்கொன்று என்கிற எண்ணத்தையே விட்டுவிடணும். நாங்கள் உட்கார்ந்து எழுதிப் பார்த்தது, யார் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியலை அல்ல. எந்த நேரத்தில் டிவி முன்னால் யார் யார் சேர்ந்து உட்காருகிறார்கள் என்ற பட்டியலை. அது ஐந்துக்குள் வந்துவிட்டது.

மத்தியானம் தாத்தாவும் பாட்டியும் சேர்ந்து பழைய படம் பார்க்கிறார்கள். அதற்கு ‘தாத்தா’. பாட்டியும் அதில்தான் பார்க்கிறார், ஆனால் ரிமோட் இருப்பது அவர் கையில். ஸ்கூல் விட்டதும் சின்னவன். அதற்கு ‘குட்டி’. லீவுக்கு வரும் பிள்ளைகளில் சின்னதுக்கும் இதேதான். பெரிய பெண்ணுக்குத் தனியாக ஒன்று, அவள் செல்லப்பெயரில். இந்த வயதில் தம்பியின் கார்ட்டூனோடு அவளைச் சேர்த்துப் போட்டால் அவள் நேராக அப்பாவுடையதுக்குள் போய்விடுவாள். ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகு பெற்றோர் இருவரும் பார்ப்பதற்கு ‘அப்பா’, பின் நம்பர் பூட்டோடு. ஐந்தாவது, ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் சேர்ந்து பார்ப்பது. அதற்கு ஆள் பெயரே வேண்டாம் என்று முடிவு செய்து ‘ஹால்’ என்று இடத்தின் பெயரை வைத்தோம்.

இந்த ‘ஹால்’தான் விருந்தாளிகள் பிரச்சினைக்கும் விடை. `Guest` என்று தனியாக ஒன்று வைக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். வருஷத்தில் பத்து நாளுக்கு ஓர் இடம் வீண். அதைவிடப் பெரிய குறை, ஆம்பூரிலிருந்து வரும் மகள் தன்னை விருந்தாளி என்று நினைப்பதே இல்லை. அது அவர் பிறந்த வீடு. ‘கெஸ்ட்’டை அழுத்தச் சொன்னால் முகம் சுண்டிப்போகும். உட்கார்ந்திருப்பது ஹாலில், அழுத்துவது ‘ஹால்’. தாதா, நானா குழப்பத்துக்கும் இதுவே வழி. இடத்தின் பெயர் யார் வாயில் வந்தாலும் மாறாது.

பெங்களூர்க்காரரின் ப்ரொஃபைல் என்ன ஆயிற்று? நெட்ஃபிளிக்ஸ் 2023 ஜூலையில் இந்தியாவிலும் ‘ஒரு கணக்கு ஒரு வீட்டுக்கு’ என்று கறாராகிவிட்டது. வேறு ஊரில் தனி வீட்டில் இருப்பவர் தனிக் கணக்கு எடுக்க வேண்டியவர். அதற்குத் தோதாக, ஒரு ப்ரொஃபைலை அதன் பார்வை வரலாற்றோடு புதுக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளும் வசதி 2022 அக்டோபரிலேயே வந்துவிட்டது. அவர் மாற்றிக்கொண்டார். இங்கே இடம் காலியானது. சனி ஞாயிறு வந்தால் அவருக்கும் ‘ஹால்’தான்.

பெயர் செய்யாத வேலை

ஒரு எச்சரிக்கை. `Kids` என்று பெயர் வைத்ததும் அது குழந்தைகள் ப்ரொஃபைல் ஆகிவிடாது. பெயர் வெறும் எழுத்து. வயது வரம்பு என்பது அமைப்புகளில் தனியாகப் போட வேண்டிய ஒன்று. மேலே சொன்ன வீட்டில் முதலில் இருந்த `Kids`இல் அந்த வரம்பு போடப்படவே இல்லை. பெயரைப் பார்த்துப் பெரியவர்கள் நிம்மதியாக இருந்தார்கள். தவறான நம்பிக்கை தருகிற பெயர், பெயரே இல்லாததைவிட மோசம்.

2021 பிப்ரவரியில் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி இந்தியாவில் ஓ.டி.டி. படைப்புகள் `U`, `U/A 7+`, `U/A 13+`, `U/A 16+`, `A` என்று ஐந்து வகை. `U/A 13+` முதல் மேலே உள்ளவற்றுக்குப் பெற்றோர் பூட்டுப் போடும் வசதியை நிறுவனம் தந்தாக வேண்டும். வசதியைத் தருவது அவர்கள் கடமை, பூட்டைப் போடுவது நம் கையில். ‘குட்டி’க்கு வரம்பு போட்டால் மட்டும் போதாது, ‘அப்பா’வுக்குப் பூட்டும் வேணும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் பையன் பக்கத்து வட்டத்துக்கு நகர இரண்டு விநாடி போதும். ‘ஹால்’ திறந்தே இருப்பதால் அதன் வரம்பை வீட்டில் இருக்கும் சின்னக் குழந்தையை மனதில் வைத்துப் போடணும். இதனால் சில படங்கள் சாப்பாட்டு நேரத்தில் ஹாலில் வராது. வராமல் இருப்பதுதான் நோக்கம்.

வைத்த பெயர்கள் வேலை செய்கின்றனவா என்று எப்படித் தெரிந்துகொள்வது? யாரையும் கேட்க வேண்டாம். கேட்டால் ‘நல்லாதான் இருக்கு’ என்பார்கள். நெட்ஃபிளிக்ஸில் ஒவ்வொரு ப்ரொஃபைலுக்கும் என்ன பார்த்தார்கள் என்ற பட்டியல் தேதியோடு இருக்கிறது. பிரவுசரில் கணக்குப் பக்கத்தில் பார்க்கலாம். தாத்தாவின் பட்டியலில் கார்ட்டூன் எப்போதாவது ஒன்று என்றால் பேரன் மடியில் உட்கார்ந்து பார்த்திருப்பான். வரிசையாக நாலைந்து நாள் சாயந்திரம் வந்தால் ‘தாத்தா’வும் ‘குட்டி’யும் எங்கேயோ கண்ணுக்கு ஒன்றாகத் தெரிகின்றன. அப்போது படத்தின் நிறத்தை மாற்றணும், பையனைத் திட்டக் கூடாது. தப்பாக வந்து சேர்ந்தவற்றை அதே பட்டியலில் மறைத்துவிட்டால் பரிந்துரைகளும் மெல்லச் சரியாகும்.

இவ்வளவும் செய்த பிறகும் என் குறை அந்த முதல் கேள்வி மேல்தான். ‘யார் பார்க்கிறீர்கள்?’ என்று கேட்டு ஒரே ஓர் ஆளைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. ஆறு பேர் தட்டோடு உட்கார்ந்திருக்கும் ஹாலில் அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் அந்தத் திரையில் இல்லை. பாட்டியும் பேத்தியும் சேர்ந்து பார்க்கிறோம் என்று இரண்டு வட்டத்தை ஒரே நேரத்தில் அழுத்த முடிந்தால் நாம் ‘ஹால்’ என்று ஒரு பொய் ஆளை உருவாக்க வேண்டியிருக்காது. அந்த வழி வரும்வரை, ஐந்தில் ஒன்றை ஆளுக்குக் கொடுக்காமல் இடத்துக்குக் கொடுங்க.